மூன்றாம் நாள் ஜெயித்த திரை: ஏ/பி சோதனையை எப்போது நம்பலாம்?

உங்கள் போனில் ஒரு ஆப்பின் பட்டன் பச்சையாக இருக்கும். அதே ஆப், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ரூம்மேட்டின் போனில் நீலமாக இருக்கும். "உனக்கு அப்டேட் வரலையாடா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது அப்டேட் பிரச்சினை இல்லை. உங்கள் இருவரையும் வைத்து ஒரு சோதனை நடக்கிறது. பாதிப் பேருக்குப் பழைய திரை, பாதிப் பேருக்குப் புதிய திரை, எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பது. இதற்குப் பெயர் ஏ/பி டெஸ்ட். சிங்கப்பூரில் பணம் அனுப்பும் ஆப் ஒன்றில் இந்தச் சோதனைகளை நடத்துவது என் வேலையில் ஒரு பகுதி.

சோதனை நடத்துவது இன்று சுலபம். பாதிப் பேரைப் பிரித்துவிட ரெடிமேட் கருவிகள் கிடைக்கின்றன. கஷ்டம் அதற்குப் பிறகுதான். புதிய திரைக்கு நாலு எண் கூடுதலாக வந்தால், அது திரை செய்த வேலையா, வெறும் அதிர்ஷ்டமா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்வதுதான் எங்கள் துறையின் பெரிய வியாதி என்பது என் கருத்து. ஒரு கேஸை எடுத்து விளக்குகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக உருட்டி வைத்திருக்கிறேன். நடப்பது இப்படித்தான் நடக்கும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் ஆப்பைத் திறந்து ரேட் மட்டும் பார்ப்பார்கள். டாலருக்கு எத்தனை ரூபாய், நேற்றைவிட ஏறியிருக்கிறதா, அவ்வளவுதான். நாளைக்கு ஏறும் என்று மூடிவிடுவார்கள். ரேட் திரையைத் திறப்பவர்களில் அன்றே பணம் அனுப்பி முடிப்பவர்கள் 100க்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். பழைய திரையில் "அனுப்பு" பட்டன் கீழே இருக்கிறது. புதிய திரையில் ரேட்டுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிதாக. அந்த 4 சதவீதம் ஏறுமா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொருவரும் ஒரு முறைதான் கணக்கில் வருவார். ஒருவர் ஒரு நாளில் ஏழு தடவை ரேட் பார்த்தால் அது ஏழு ஆள் இல்லை, ஒரே ஆள். அவருக்கு எந்தத் திரை விழுந்ததோ கடைசி வரை அதேதான் தெரியும். இப்படிச் சராசரியாக ஒரு நாளைக்கு 2,000 பேர் சோதனைக்குள் வருகிறார்கள்.

மூன்று நாள் ஆகிறது. பழைய திரையைப் பார்த்த 3,000 பேரில் 120 பேர் பணம் அனுப்பினார்கள். புதிய திரையைப் பார்த்த 3,000 பேரில் 154 பேர். அதாவது 28 சதவீத உயர்வு! டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. பி-வேல்யூ 0.036 என்று காட்டுகிறது. 0.05க்குக் கீழே வந்தால் "உண்மையான வித்தியாசம்" என்று எல்லோரும் படித்திருக்கிறோமே. ப்ராடக்ட் மேனேஜர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ரிசல்ட் வந்துருச்சுல்ல, இன்னும் எதுக்குப்பா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க? எல்லாருக்கும் திறந்து விட்டுரலாமே?"

திறந்துவிடக் கூடாது. ஏன் என்று பார்க்க, முதலில் அந்த 0.036 என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். பலர் நினைப்பது போல, "புதிய திரை சிறந்தது என்பதற்கு 96 சதவீத வாய்ப்பு" என்று அது சொல்லவில்லை. அது சொல்வது வேறு. இரண்டு திரைக்கும் உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு பெரிய இடைவெளியோ இதைவிடப் பெரியதோ வருவதற்கான வாய்ப்பு 100க்கு மூணரை. அந்த 0.05 கோடுகூட வானத்திலிருந்து வந்ததல்ல. ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1925இல் வெளியிட்ட புத்தகத்தில், வசதியான ஒரு எல்லை என்று அதை எடுத்துக்கொண்டார். அவர் வேலை பார்த்தது விவசாய ஆராய்ச்சி நிலையத்தில். அறுவடை முடிந்த பிறகுதான் அங்கே கணக்குப் பார்க்க முடியும். நாற்று வளர வளரத் தினமும் காலையில் விளைச்சல் எவ்வளவு என்று டாஷ்போர்டு பார்க்கும் வசதி அவருக்கு இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த 5 சதவீதம் என்ற பிழை வாய்ப்பு, ஒரே ஒரு முறை, முன்கூட்டியே தீர்மானித்த நாளில் கணக்குப் பார்த்தால் மட்டுமே 5 சதவீதம். தினமும் பார்த்து, எந்த நாளில் 0.05க்குக் கீழே போகிறதோ அந்த நாளில் நிறுத்தினால், அது 5 சதவீதம் இல்லை. 1969இலேயே ஆர்மிட்டேஜ், மெக்ஃபெர்சன், ரோவ் என்ற மூவர் மருத்துவப் பரிசோதனைகளை மனதில் வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வித்தியாசமே இல்லாத இரண்டை ஒப்பிடும்போது, சம இடைவெளியில் 5 முறை எட்டிப் பார்த்தால் பொய் வெற்றி கிடைக்கும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். 10 முறை பார்த்தால் 19. 20 முறை பார்த்தால் கிட்டத்தட்ட 25. அதாவது ஒன்றுமே மாறாத திரைக்கு நான்கில் ஒரு முறை மாலை விழும்.

இதை நம்ப முடியவில்லை என்றால் ஆபீஸிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு பக்கமும் ஒரே திரையைக் காட்டி ஒரு சோதனை ஓட்டுங்கள். ஏ/ஏ டெஸ்ட் என்பார்கள். தினமும் பி-வேல்யூவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பல தடவை செய்து பார்த்தால், நடுவில் ஏதோ ஒரு நாள் பச்சை விளக்கு எரிந்துவிட்டு, பிறகு தானாக அணைந்துபோன சோதனைகள் பல இருக்கும். அந்த நாளில் நிறுத்தியிருந்தால் ஒரே திரை தன்னைத்தானே தோற்கடித்ததாக ஒரு ப்ரசன்டேஷன் போட்டிருப்போம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். பானைக்கு அது சரி. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்தது. பணம் அனுப்புபவர்கள் அப்படி வேகவில்லை. இங்கே சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் பணம் அனுப்பும் கூட்டம் வேறு, 20ஆம் தேதிக்கு மேல் ரேட் மட்டும் பார்க்கும் கூட்டம் வேறு. கட்டுமான வேலைக்காரர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. அன்றைக்கு உட்கார்ந்து நிதானமாக ஆப்பைத் திறக்கிறவரும், செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திறக்கிறவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்களா? செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் ஓட்டிய சோதனை அந்த மூன்று நாள்காரர்களைப் பற்றித்தான் பேசும். முழு வாரங்களாக, முடிந்தால் ஒரு சம்பளச் சுற்றையாவது தாண்டி ஓட்டச் சொல்வது இதனால்தான்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? இதைச் சோதனை தொடங்கும் முன்பே கணக்குப் போடலாம். கடையில் பில் போடுவது மாதிரி ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது:

```
n = 16 × p × (1 − p) / d²
```

இதில் `p` என்பது இப்போதைய விகிதம், அதாவது 4 சதவீதம், 0.04. (மேலே சொன்ன பி-வேல்யூவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) `d` என்பது நாம் கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய வித்தியாசம். 4 சதவீதம் 4.4 ஆனால் போதும், அதற்குக் குறைவாக ஏறினால் எங்களுக்குக் கவலை இல்லை என்றால் `d` = 0.004. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 38,400 பேர். இத்தனை பேரை வைத்துப் பார்த்தால், உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கும் பட்சத்தில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம்.

கீழே `d²` இருப்பதைக் கவனியுங்கள். 4.4க்குப் பதில் 4.2 ஆனாலே கண்டுபிடிக்க வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டால், வித்தியாசம் பாதி, தேவைப்படும் ஆட்கள் நாலு மடங்கு. ஒரு பக்கத்துக்கு 1,53,600 பேர். நாளைக்கு 2,000 பேர் வரும் ஆப்பில் இதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். சின்ன ஆப் வைத்திருப்பவர்கள் பட்டன் நிறத்தையெல்லாம் சோதித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அவர்களிடம் அந்த வித்தியாசத்தைப் பார்க்கும் அளவுக்குக் கண்ணாடி இல்லை.

எங்கள் கேஸில் இரு பக்கமும் சேர்த்து 76,800 பேர் தேவை. 2,000ஆல் வகுத்தால் 38 நாள் சொச்சம். முழு வாரமாக்கினால் ஆறு வாரம், 42 நாள். மூன்றாம் நாள் நம்மிடம் இருந்தது தேவையானதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 3,000 பேரை வைத்துப் பார்க்கும்போது அதிர்ஷ்டத்தின் ஆட்டமே பெரியது. புதிய திரை சுமார் 25 சதவீதமாவது அதிகம் காட்டினால்தான் அந்த 0.05 கோட்டையே தாண்ட முடியும். திரையின் உண்மையான பலன் 10 சதவீதம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்றாம் நாள் ஜெயிக்க வேண்டுமென்றால் அது 25க்கு மேல் காட்டியே ஆக வேண்டும். ஆக, சீக்கிரம் வரும் வெற்றி உண்மையாகவே இருந்தாலும், அதன் அளவு நிச்சயம் ஊதிப் பெருத்த அளவு. "28 சதவீத உயர்வு" என்று காலாண்டு மீட்டிங்கில் போட்ட ஸ்லைடு, அடுத்த காலாண்டு வருமானத்தில் எங்கே போயிற்று என்று தேடும் கம்பெனிகள் நிறைய.

முன்பே பேசி எழுதி வைத்திருந்தபடி ஆறு வாரம் ஓட்டினோம். பழைய திரை: 42,000 பேரில் 1,680. சரியாக 4 சதவீதம். புதிய திரை: 42,000 பேரில் 1,735. அதாவது 4.13. பி-வேல்யூ 0.34. மூன்றாம் நாள் 28 சதவீதமாக இருந்த உயர்வு 3 சதவீதம் சொச்சமாகச் சுருங்கிவிட்டது, அதுவும் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

இதை எப்படிப் படிப்பது? "வித்தியாசமே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று சொல்வதும் தப்பு. இந்தத் தரவுக்கு ஒத்துவரும் உண்மையான வித்தியாசம், 0.14 குறைவு என்பதிலிருந்து 0.40 அதிகம் என்பது வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புதிய திரை கொஞ்சம் மோசமாகவும் இருக்கலாம், கொஞ்சம் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் நாம் எதிர்பார்த்த 4 என்பது 4.4க்கு மேல் போகும் கதை நடக்கவில்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆறு வாரம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அதுதான். என்னைக் கேட்டால் அது முழுமையான பதில்.

எண்களைப் படிக்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தலை எண்ணிக்கை. பாதிப் பாதியாகப் பிரித்தால் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். 84,000 பேரில் 42,100க்கு 41,900 என்றால் சகஜம். 42,700க்கு 41,300 என்றால்? பார்ப்பதற்கு இதுவும் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நாணயம் சுண்டிப் பிரித்தால் இவ்வளவு தள்ளிப்போவது பத்து லட்சம் முறையில் ஓரிரு முறைதான் நடக்கும். எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் இப்படி இருக்கும்: புதிய திரை கனமாக இருக்கும், பழைய போன்களில் லோட் ஆவதற்குள் ஆள் வெளியே போய்விடுவார், அவர் வந்ததே பதிவாகாது. மிச்சம் இருப்பவர்கள் நல்ல போன், நல்ல நெட் வைத்திருப்பவர்கள். அவர்கள் அதிகம் பணம் அனுப்புகிறார்கள். உடனே புதிய திரை ஜெயித்த மாதிரி தெரியும்! உண்மையில் அது ஏழைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த மாதிரி எண்ணிக்கை கோணினால் அந்தச் சோதனையின் முடிவை என்ன கொஞ்சினாலும் நம்பக் கூடாது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இனி மேனேஜரின் நியாயமான கேள்விக்கு வருவோம். "சரி, சமம்தான்னே வெச்சுக்குவோம். நஷ்டம் ஒண்ணும் இல்லையே? புதுசையே விட்டுட்டா என்ன?" இந்த வாதத்தை நான் பல வடிவத்தில் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நான் இதை ஏற்பதில்லை.

காரணம், திரையை மாற்றுவது இலவசம் இல்லை. அதன் விலையை நாங்கள் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். டார்மிட்டரிகளில் தங்கியிருக்கும் அண்ணன்கள் பலர் ஆங்கிலம் படித்து இந்த ஆப்பைப் பயன்படுத்துவதில்லை. இடத்தை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். கீழே இரண்டாவது பட்டன், பிறகு வலது பக்கம், பிறகு பச்சை. கூட இருக்கும் ஒரு தம்பி ஒருநாள் சொல்லிக்கொடுத்திருப்பார், அதை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். பட்டனை இடம் மாற்றினால் அந்த மனப்பாடம் போயிற்று. "இதை எங்கப்பா அழுத்தணும்?" என்று மறுபடி ஒருவரைத் தேட வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தைத் தவறான கணக்குக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயத்தோடு. திரைக்கு உண்மையான பலன் இருந்தால் இந்தச் சிரமத்தைக் கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. 0.34 என்ற பி-வேல்யூவுக்காகக் கொடுப்பதில் என்ன நியாயம்?

அதோடு, இது ஒரு சோதனையோடு முடியும் கதையும் இல்லை. கூகுளிலும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலும் நடக்கும் சோதனைகளில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் நல்ல பலன் தருகின்றன என்று, மைக்ரோசாஃப்டில் இந்த வேலையை வளர்த்த ரான் கோஹாவி எழுதியிருக்கிறார். அங்கேயே அப்படி என்றால் நம் ஆபீஸில் எப்படி இருக்கும்? வருஷத்துக்கு 100 சோதனை, அதில் உண்மையான பலன் உள்ளவை 10 என்று வையுங்கள். ஒழுங்காக நடத்தினால் அந்த 10இல் 8ஐப் பிடிப்போம். பலன் இல்லாத 90இல் ஐந்து சதவீதம் பொய்யாகக் கோட்டைத் தாண்டும். அதில் பாதி பாதகமான பக்கம் போய்விடும் என்பதால், பொய் வெற்றி இரண்டு மூன்றுதான். தினமும் எட்டிப் பார்த்து நிறுத்தினால் அந்த 5 சதவீதம் 25 ஆகும். பொய் வெற்றி 11ஐத் தொடும். கொண்டாடிய வெற்றிகளில் பாதிக்கு மேல் பொய். அந்த 11 தடவையும் யாரோ ஒரு அண்ணன் பட்டனைத் தேடியிருப்பார்.

நடுவில் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம். அதற்கு விலை கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 1977இல் போக்காக் என்பவர் மருத்துவப் பரிசோதனைகளுக்காக ஒரு வழி சொன்னார். ஐந்து முறை பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டால், ஒவ்வொரு முறையும் கோடு 0.05 இல்லை, சுமார் 0.016. அப்படிச் செய்தால் மொத்தப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது. நம் மூன்றாம் நாள் 0.036 அந்தக் கோட்டைத் தொட்டிருக்காது என்பதைக் கவனியுங்கள். பணம் இரண்டு முறை போய்விடுகிறது, ஆப் செயலிழக்கிறது என்கிற மாதிரி ஆபத்து தெரிந்தால் எந்த நாளிலும் நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். அதற்குப் புள்ளியியல் அனுமதி தேவையில்லை. வெற்றிக்காகச் சீக்கிரம் நிறுத்துவதைத்தான் தடுக்க வேண்டும்.

என்னிடம் அதிகாரம் இருந்தால் ஒரு வேலை செய்வேன். டாஷ்போர்டில் முடிவு தேதி வரும்வரை பி-வேல்யூவைக் காட்டவே விடமாட்டேன். தலை எண்ணிக்கையும் பிழைகளின் எண்ணிக்கையும் மட்டும் தெரியட்டும். மனுஷனுக்கு எதிரே பச்சை விளக்கை எரியவிட்டுவிட்டு ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இரு என்றால் இருப்பானா? கூடவே, சோதனை தொடங்கும் நாளில் நாலு வரி எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டும்: எதை அளக்கிறோம், எவ்வளவு வித்தியாசம் வந்தால் போதும், எத்தனை பேர், எந்தத் தேதியில் முடிவு. முடிவு வந்த பிறகு "பணம் அனுப்பியது ஏறவில்லை, ஆனால் ரேட் பார்த்த நேரம் ஏறியிருக்கிறது" என்று வேறு எண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருபவர்களுக்கும் அந்த நாலு வரியே பதில்.

பழைய திரை அப்படியே இருக்கிறது. அடுத்ததாக, பட்டனைத் தொடாமல், கட்டணத்தையும் ஊரில் கைக்கு வரும் ரூபாயையும் முதல் திரையிலேயே காட்டிப் பார்க்கப் போகிறோம். ரேட் பார்ப்பவர்கள் உண்மையில் தேடுவது அந்த எண்ணைத்தான் என்பது என் சந்தேகம். 4 என்பது 4.4, ஒரு பக்கத்துக்கு 38,400 பேர், ஆறு வாரம். முடிவு தேதி எழுதியாகிவிட்டது.